இருபத்தைந்து நொடியில் நாற்பது

மணிமாறன் நீட்டிய தாளை நான் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "என்ன சார் இது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம், சின்ன ஸ்டேட்மென்ட். நீங்க எடுத்த கிளாஸ்ல எல்லாம் தெளிவா சொல்லியிருக்கீங்க, கொளஞ்சிநாதன்தான் அத மீறிட்டான், அவ்வளவுதான். கீழ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

மணிமாறன் எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் மேனேஜர். சிரித்துக்கொண்டே எதையும் நீட்டுவார். நான் அதே கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவள். பெயர் ஃபௌசியா. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டுப் பெண் என்பதால் சுரங்கத்தில் எங்கும் வேலை கிடைக்காமல், கடைசியில் சுரங்கத்துக்குள் போகிற ஆம்பளைகளுக்குப் பாடம் எடுக்க வந்தவள். எனக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலைதான். பெர்மனென்ட் என்ற வார்த்தையை அடுத்தவர் வாயில் கேட்டதோடு சரி.

முதலில் கொளஞ்சிக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவன் பழுப்பு நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டில், அடியில் சிந்திக் கிடப்பதை வாரும் கேங்கில் இருக்கிறான். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு நாளைக்கு முன்னால் பெல்ட்டை நிறுத்திவிட்டு, அது திரும்பும் வால் பக்கத்து உருளையைச் சுத்தம் செய்ய மூடியைத் தூக்கினான். உள்ளே உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கையுறையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போனது.

பெல்ட்டை நிறுத்தினால் உடனே நிற்காது. அதன் சொந்த எடையிலேயே கொஞ்ச நேரம் ஓடும். அதனால்தான் என் வகுப்பில் தலைகீழாய் நின்று சொல்லியிருக்கிறேன். பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை இழு. சுவிட்சில் உன் பூட்டைப் போடு. பூட்டுப் போட்ட இடத்திலேயே நின்று நாற்பது எண்ணு. அதற்குப் பிறகுதான் மூடியில் கை. நானே ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து பார்த்தேன். முப்பத்து மூன்று நொடியில் உருளை நிற்கும். மழைநாள், ஈரம், புது பேரிங் என்று எல்லாவற்றையும் யோசித்து நாற்பது ஆக்கினேன். தூசியில் உருளை கண்ணுக்குத் தெரியாது. கண்ணை நம்பாதே, எண்ணிக்கையை நம்பு என்பதுதான் என் பாடம்.

கொளஞ்சியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவன் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். "நாப்பது எண்ணினேன் மேடம். சத்தியமா எண்ணினேன்."

அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எண்ணியிருந்தா கை எப்டிடா போவும்? அவசரம் புடிச்சவன். வூட்டுல சோறு தின்னும்போதே அப்டித்தான்" என்று அழுதுகொண்டே திட்டினாள். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் மனசுக்குள் ஒரு ஓரத்தில் அதே சந்தேகம்தான். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"மீறிட்டான்" என்று விசாரணையில் எழுதிவிட்டால் அவன் கேட் பாஸ் போய்விடும். அப்புறம் எந்தக் காண்ட்ராக்டரும் அவனைச் சுரங்கத்துக்குள் விடமாட்டான். இரண்டு விரல் போனவனுக்கு வெளியிலும் வேலை கிடையாது. இது மணிமாறனுக்கு நன்றாகவே தெரியும்.

"கையெழுத்துப் போடறேன் சார். அதுக்கு முன்னாடி என் கிளாஸ ஒரு தடவ நான் கேக்கணும்" என்றேன்.

"உங்க கிளாஸ நீங்களே கேக்கணுமா?" என்று சிரித்தார்.

"ஆமா. பதிவு பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. அன்னையிலிருந்து என்னைய ஹாலுக்குள்ள விடலியே."

அது உண்மை. போன வருஷம் வரை ஒவ்வொரு கேங்குக்கும் நானே நின்று வகுப்பெடுத்தேன். தொண்டை கட்டும், சண்டை வரும், தூங்குபவனை எழுப்புவேன். பிறகு ஒருநாள், "ரெக்கார்டு பண்ணிட்டா மேடத்துக்குக் கஷ்டம் இல்ல" என்று காலி ஹாலில் மைக்கை வைத்துத் தொண்ணூறு நிமிஷம் பேசவைத்தார்கள். நாற்பது எண்ணும் இடத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். ஒரு நொடிக்கு ஒரு எண். 'என்னோடயே வாய்விட்டு எண்ணுங்க. நாளைக்குப் பெல்ட் பக்கத்துலயும் இதே வேகத்துல எண்ணுங்க' என்று பதிவிலேயே சொல்லியும் இருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு மாசத்துக்கு இரண்டு தடவை தேர்வு நடத்தும் வேலை மட்டும்தான்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னால் ஹால் வாசலில் போய் நின்றேன். உள்ளே புதுசாய்ச் சேர்ந்த முப்பது பேர். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது. என் குரல்தான், சந்தேகமே இல்லை. அதே கனம், அதே கரகரப்பு. ஆனால் அந்தப் பொம்பளை மூச்சே விடவில்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வந்து மோதியது. நான் கோபத்தில் கூட இப்படிப் பேசமாட்டேன். இது யாருடா என் குரலை வாங்கிக்கொண்டு ஓடுகிறவள் என்று எனக்குள் ஒரு எரிச்சல்.

எண்ணும் இடம் வந்தது. முப்பது பேரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாப்பது என்று அவர்கள் கத்தியபோது இருபத்தைந்து நொடிதான் ஆகியிருந்தது.

யா அல்லாஹ். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஆபரேட்டர் நந்தினி உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், சொன்னதைச் செய்பவள். "நந்தினி, என்ன வேகத்துல ஓட்டற?" என்று கேட்டேன்.

"ஒண்ணு புள்ளி ஆறு மேடம். தொண்ணூறு நிமிஷம் அம்பத்தாறுல முடிஞ்சிடும். மேனேஜர் சார்தான் சொன்னாரு, ஹால் ஒரு மணி நேரம்தான் கிடைக்குது, ஷிப்டு பஸ்ஸ விடக்கூடாதுன்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாய்ச் சொன்னாள்: "ஆனா குரல் மாறவே மாறாது மேடம். அதுக்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு."

"எப்படி மாறாம இருக்கும்? பழைய டேப்ப வேகமா சுத்தினா கீச்சுக் கீச்சுன்னு கத்துமே."

"அது டேப்பையே வேகமா இழுக்கறது மேடம். ஒலி அலையெல்லாம் நெருங்கிடும், அதான் குரல் கீச்சாயிடும். இது அப்படி இல்ல. ஒலியக் கண்ணு இமைக்கற நேரத்தவிடச் சின்னச் சின்னத் துண்டா எடுத்துக்கும். ஒவ்வொரு துண்டும் அதே பழைய வேகத்துலதான் ஓடும், அதனால குரல் அப்படியே இருக்கும். ஆனா துண்டுகள நெருக்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, அலை ஒத்துப்போற இடமாப் பாத்து ஒட்டிடும். நடுவுல கொஞ்சம் கொஞ்சம் போயிடும், காதுக்குத் தெரியாது. மெதுவா ஓட்டணும்னா அதே துண்டுகளத் திருப்பித் திருப்பிப் போட்டு நீட்டிக்கும்."

"பேச்சு மட்டும்தான் சுருங்குமா?"

"இல்ல மேடம், எல்லாமே. பேச்சு, நடுவுல விடற நேரம், இருமல், எல்லாம் ஒரே கணக்கா சுருங்கும்." சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நின்றாள். எண்ணுகிற இடத்தைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீச்சுக் குரலாய் இருந்திருந்தால் முதல் நாளே யாராவது சிரித்திருப்பான், எவனாவது போய்ச் சொல்லியிருப்பான். குரல் சுத்தமாய் இருந்ததால்தான் ஒரு வருஷம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. புதுசாய் வந்தவர்கள் நான் நேரில் வகுப்பெடுத்துக் கேட்டதே கிடையாது. மேடம் இப்படித்தான் படபடவென்று பேசும் போல என்று நினைத்திருப்பார்கள்.

நேராக மணிமாறன் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"அடப்பாவிங்களா, என் வாயாலயே அந்த ஆளுக்குப் பொய் எண்ணிக்கை சொல்லிக் குடுத்துருக்கீங்களே!"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவா மேடம். எல்லாரும் யூடியூப்ல வேகமாத்தான் பாடம் கேக்கறாங்க. எம்மவனே ரெண்டு மடங்குல கேட்டுத்தான் பரீட்சையில பாஸ் பண்ணான்."

"உங்க மவன் பரீட்சை எழுதறான் சார். இவங்க உருளை பக்கத்துல நிக்கறாங்க."

"ஒரு வார்த்தையும் விட்டுப்போவல. நாப்பதுன்னுதான் இப்பவும் கேக்குது. அவன் நாப்பது எண்ணலன்னா யார் என்ன பண்றது?" கொஞ்சம் நிறுத்தி, "மார்ச்சுல உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்கா?" என்றார்.

நன்றாகவே ஞாபகம் இருந்தது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், அத்தாவுக்கு மருந்து, எல்லாம் ஞாபகம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"புதுப்பிக்காதீங்க. நாளைக்கு விசாரணையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணை அதே ஹாலில்தான் நடந்தது. சுரங்க நிர்வாகத்தின் பாதுகாப்பு அதிகாரி குஞ்சிதபாதம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர், எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுபவர். ஒரு பக்கம் மணிமாறன். எதிரில் கொளஞ்சி, கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. அவன் கேங்க் ஆட்கள் வெளியே மரத்தடியில் காத்திருந்தார்கள்.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஒன்று புள்ளி ஆறு, இருபத்தைந்து நொடி, எல்லாவற்றையும். குஞ்சிதபாதம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"போட்டுக் காட்டுங்க" என்றார்.

நந்தினி போட்டாள். பெட்டியிலிருந்து என் குரல் நிதானமாய், மூச்சு விட்டு, ஆற அமர வந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார். நாப்பது என்றபோது சரியாய் நாற்பது நொடி.

"எங்க மேடம் வேகம்?" என்றார் மணிமாறன், பரிதாபமாய்த் தலையை ஆட்டிக்கொண்டு. "பாவம், அடிபட்டவனப் பாத்துட்டு மனசு கலங்கிடுச்சி."

நான் நந்தினியைப் பார்த்தேன். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகத்தை ஒன்றுக்குத் திருப்பிவிட்டால் முடிந்தது. கோப்பு அதே கோப்புதான், எங்கேயும் ஒரு கீறல் இருக்காது. இத்தனை நேரம் கத்தியதெல்லாம் வீணா?

குஞ்சிதபாதம் கொளஞ்சியிடம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற? எண்ணினியா இல்லியா?"

கொளஞ்சி எழுந்தான். ஆறு நாளாய்ப் பெண்டாட்டி, மச்சான், மேனேஜர் எல்லோரும் சொல்லிச் சொல்லி அவன் குரலில் பழைய உறுதி இல்லை. "எண்ணிக்கினுதான் இருந்தேன் சார்... நடுவுல எங்கனா வுட்டுட்டனோ என்னமோ. அவசரப்பட்டுருப்பேன் போல."

அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையும் போய், தன் மேலிருந்த நம்பிக்கையும் போய் நிற்கிறான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரில் வேகத்தை மாற்றிவிடலாம். இத்தனை பேர் வாயில் ஏறிப்போனதை எப்படி மாற்றுவாய்?

"சார்" என்றேன். "வெளிய இருக்கற ஆளுங்கள ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. எதையும் சொல்லாதீங்க. கயிறு இழுத்துப் பூட்டுப் போட்டாச்சு, எண்ணுன்னு மட்டும் சொல்லுங்க. உங்க வாட்ச்சுல நீங்களே பாருங்க."

"இதெல்லாம் எதுக்கு சார்? ஆளாளுக்கு ஒரு மாதிரி எண்ணுவான்" என்றார் மணிமாறன்.

"ஆளாளுக்கு ஒரு மாதிரி எண்ணினா நான் இப்பவே உங்க தாளுல கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

குஞ்சிதபாதம் பேனாவை மூடி வைத்தார். "கூப்பிடுங்க."

முதலில் விஜயராஜ் வந்தான். கேங்கில் சேர்ந்து ஆறு மாசம். எண்ணச் சொன்னதும் நேராய் நின்று, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிறவன் போல ஆரம்பித்தான். பதினைந்து தாண்டியபோது என் உடம்பு சிலிர்த்தது. இருபதில் நான் எப்போதும் கொஞ்சம் அழுத்துவேன். அவனும் அழுத்தினான். என் குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது. வேகம் மட்டும் என்னுடையது இல்லை.

"இருபத்தஞ்சு நொடி" என்றார் குஞ்சிதபாதம்.

அடுத்தவன் இருபத்தாறு. அதற்கடுத்தவன் இருபத்தைந்து. ஒருத்தன் எண்ணியது இன்னொருத்தனுக்குக் கேட்காமல் கதவைச் சாத்தித்தான் எண்ணவைத்தார். ஐந்தாவது ஆள் முடித்தபோது அவர் மணிமாறனைப் பார்க்கவே இல்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப துரைராஜக் கூப்பிடுங்க சார். அவர் மூணு வருஷத்துக்கு முன்னால எங்கிட்ட நேர்ல படிச்சவர். பதிவுக்குப் பின்னால ஹாலுக்கு வந்ததில்ல, அடுத்த வருஷம்தான் அவருக்கு மறு பயிற்சி" என்றேன்.

துரைராஜ் வந்தார். அறுபதை நெருங்கும் ஆள், எதற்கும் அசரமாட்டார். "எண்ணணுமா? எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். நாற்பத்தொரு நொடி.

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பசங்களாண்ட நான் தெனம் சண்ட மேடம். ஏண்டா ஓடறீங்க, நில்லுங்கடான்னு. மேடமே இப்டித்தான் எண்ணுதுன்னு சொல்றானுவ. நான் நம்பல."

குஞ்சிதபாதம் நந்தினி பக்கம் திரும்பினார். அவர் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"நேத்து சாயந்தரம்தான் சார் மாத்தினேன். மேனேஜர் மாத்தச் சொன்னாரு. ஒரு வருஷமா ஒண்ணு புள்ளி ஆறுலதான் ஓட்டினோம்." சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். நான் எழுந்து போய் அவள் தோளில் கையை வைத்தேன்.

"டைம் இல்ல சார், பஸ் போயிடும்..." என்று ஆரம்பித்தார் மணிமாறன்.

"நீங்க உக்காருங்க" என்றார் குஞ்சிதபாதம். குரலை உயர்த்தவில்லை. மணிமாறன் உட்கார்ந்தார். சிரிப்பு மட்டும் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

அதிகாரி புதுத் தாளை எடுத்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். பயிற்சிப் பதிவு வேகம் கூட்டி ஓட்டப்பட்டது. ஒரு வருஷத்தில் இதைக் கேட்ட எல்லோருக்கும் நேரில் மறு பயிற்சி தரவேண்டும், அதுவரை அவர்கள் பெல்ட் பக்கம் போகக்கூடாது. பிறகு கொளஞ்சியின் வாக்குமூலத்துக்கு வந்தார். "கொளஞ்சிநாதன் ஆகிய நான், எண்ணிக்கையை வேகமாக முடித்துவிட்டதால்..."

"சார், நிறுத்துங்க" என்றேன். "வேகமா முடிச்சது அவன் இல்ல."

"அப்ப எப்படி எழுதறது?" என்று உண்மையாகவே கேட்டார்.

கொளஞ்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் முழுசாய்ப் புரியவில்லை. "மேடம்" என்றான் மெதுவாய், "அப்ப நான் நடுவுல ஒண்ணும் வுடலியா?"

"விடல கொளஞ்சி. நீ எண்ணினது ஹால்ல உனக்குப் போட்டுக் காட்டின மாதிரியேதான். உனக்குக் குடுத்த எண்ணிக்கைதான் திருட்டு எண்ணிக்கை."

அவனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க வலது கை வராமல், இடது கையால் துடைத்துக்கொண்டான். பிறகு மேசைக்குப் பக்கத்தில் போய், மேனேஜருக்கு நேர் எதிராய் நின்றான். இந்த ஆறு நாளில் முதல் தடவையாய் அவன் குரல் ஓங்கிக் கேட்டது.

"நாப்பதும் எண்ணினேன்னு எழுதுங்க சார். ஒண்ணுகூட வுடலன்னு எழுதுங்க. எழுதி என் பொஞ்சாதிக்கு ஒரு காப்பி குடுங்க."